உமி அசையாத ககரம்

என் தங்கை பூரணத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வெள்ளைக்காரிக்குக் குடை பிடிக்கப் போனவள் என்றும் ஒருத்தி சொன்னாள். அது பொய். வெள்ளைக்காரிகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் அவள். யாழ்ப்பாணத்தார் தேர்தலே வேண்டாமென்று இருந்த அந்த வருடம், மிஷன் வளவுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நேர்வாசலால் போய் வந்த சைவப் பெண் அவள் ஒருத்திதான். நான் பள்ளிக்கூடப் படி மிதிக்காதவள். ஆனால் அவள் செய்ததைக் கண்ணால் கண்டேன், காதாலும் கேட்டேன். ஆகவே நான் சொல்லுகிறதுதான் சரி.

அச்சுவேலியில் எங்கள் வீடு. கொஞ்சத் தூரத்தில் மிஷன் வளவு, அதற்குள் ஓர் ஆசுப்பத்திரி. கப்பலில் புதிதாக வருகிற மிஸியம்மாமார் முதலில் தமிழ் படித்துப் பரீட்சை எழுதவேண்டும், எழுதினபிறகு மூன்றுபேருக்கு முன்னால் இருந்து தமிழில் கதைத்தும் காட்டவேண்டும். கதைத்துக் காட்டுகிறதில் தவறினால் நோயாளரைப் பார்க்க விடமாட்டார்கள். பூரணத்திடம் முதலில் படித்த மிஸியம்மா தவறிவிட்டா. எழுத்தில் குறையில்லை, வாயால் பேசுகிற கதைதான் எடுபடவில்லை. அதற்குப்பிறகு வந்தவ றோஸ் மிஸியம்மா. தாதி வேலை படித்தவ, சிரித்த முகம். வளவுக்குப் பொறுப்பான பெரிய மிஸியம்மா பூரணத்தைக் கூப்பிட்டு, "இந்த முறையும் தவறினால் பருத்தித்துறையிலிருந்து ஒரு பண்டிதரை எடுக்கப்போகிறோம்" என்று மெதுவாகவே சொன்னா. மெதுவாகச் சொன்னால் என்ன, அதன் பொருள் பூரணத்தை வீட்டுக்கு அனுப்புகிறதுதானே.

பூரணம் பயந்தவளல்ல. ஆனால் அந்த வேலையில் அவளுக்கு உயிர். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

"என்னடி குறை அந்த மனுசியின்ரை கதையிலை?" என்று கேட்டேன்.

"அதுதானக்கா விளங்கேல்லை. ழகரம் வருது, ளகரம் வருது. தகரத்துக்கு நாக்கைப் பல்லிலை வைக்கப் பழக்கிப்போட்டன். சொல்லுற சொல்லெல்லாம் சரி. ஆனா வாயைத் திறந்த உடனை வெள்ளைக்காரி எண்டு தெரியுது."

"வெள்ளைக்காரி வெள்ளைக்காரியாத்தானே கதைப்பா."

"நீ சும்மா இரக்கா. எது பிழை எண்டு ஆரைக் கேட்டாலும், 'பிழை இல்லை, ஆனா ஒருமாதிரிக் கிடக்கு' எண்டுதான் சொல்லினம்."

எங்கள் அம்மான் பஞ்சலிங்கம் ஒரு சட்டம்பியார். பிள்ளைகளுக்குச் சமஸ்கிருதம் படிப்பிக்கிறவர், திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீரும் குடியாதவர். மிஷன் வளவு வேலியில் அவருடைய நிழல்கூட விழாது. மிஸியம்மாவின் கதையை ஒருமுறை கேட்டுக் குறை சொல்லும்படி பூரணம் அவரிடம் போய் நின்றாள்.

"உன்ரை வேதக்காரியை நான் பாக்க வரமாட்டன்" என்றார்.

"நீங்கள் வரவேண்டாம் அம்மான். அவ எங்கடை வீட்டுக்கு வருவா. நீங்கள் உங்கடை மருமக்களைப் பாக்க வாற மாதிரி வாங்கோ."

வந்தார். நான் முற்றத்தில் நெல்லுக் குத்திப் புடைத்துக்கொண்டிருந்தேன். றோஸ் மிஸியம்மா பாயில் குந்தியிருந்து ஒரு பத்தி வாசித்தா. அம்மான் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்துக்குள் சிரித்துவிட்டார்.

"பிள்ளை, இவ ககரத்துக்குப் பதிலா இரண்டாம் ககரமெல்லே சொல்லுறா! பகரமும் அப்பிடி, தகரமும் அப்பிடி. சொல்லுத் தொடங்கேக்கை மூச்சை ஊதி விடுறா."

"இரண்டாம் ககரமோ? அது என்ன?"

"வடமொழியிலை ககரம் நாலு. முதலாவது மூச்சில்லாதது. இரண்டாவது மூச்சோடை வாறது. 'கர' எண்டு மூச்சில்லாமல் சொன்னால் கை. மூச்சோடை சொன்னால் கழுதை. அங்கை கைக்கும் கழுதைக்கும் நடுவிலை ஒரு ஊதல்தான். அதாலை வடமொழி படிச்சவன்ரை காது அந்த ஊதலைக் காவல் காக்கும். தமிழிலை நீ எவ்வளவு ஊதினாலும் கை கைதான். ஆனபடியாலை எங்கடை காது அதைத் தனி எழுத்தாப் பிடிக்காது. ஒருமாதிரிக் கிடக்கு எண்டு மட்டும் சொல்லும்."

அம்மான் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக் காட்டினார். பூரணத்துக்கு முதலில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மிஸியம்மாவுக்கோ துப்பரவாகத் தெரியவில்லை. "இரண்டும் ஒன்று" என்று தமிழில் சொன்னா. அந்த "ஒன்று" மட்டும் நல்ல தமிழாக வந்தது.

அப்போதுதான் பூரணம் எழுந்து வந்து என் சுளகிலிருந்து ஒரு பிடி உமியை அள்ளினாள். உள்ளங்கையில் பரப்பி அம்மானின் வாய்க்கு முன்னால் பிடித்தாள். முதல் ககரத்துக்கு உமி அசையவில்லை. இரண்டாம் ககரத்துக்குப் பறந்தது. பிறகு அதே கையை மிஸியம்மாவிடம் கொண்டுபோனாள். "கதவு" என்று அவ சொன்னா. மிச்ச உமி முழுக்க அம்மானின் திருநீற்றில் போய் ஒட்டியது.

"நல்லாப் பூசிவிட்டா உன்ரை மிஸியம்மா" என்று அம்மான் முகத்தைத் துடைத்தார். மிஸியம்மா வெட்கப்பட்டு வாயைப் பொத்தினா.

குற்றம் பிடிபட்டது, ஆனால் நிற்கவில்லை. மூச்சை அடக்கு என்றால் மிஸியம்மா குரலையே அடக்கினா. முகம் சிவந்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் பாடம் முடித்து எழும்பும்போது, உமி இன்னும் கையில் இருக்க, தன்பாட்டுக்கு இங்கிலீசில் "ஸ்கூல்" என்று ஏதோ சொன்னா. பூரணம் அவவின் கையை எட்டிப் பிடித்தாள்.

"திரும்பச் சொல்லுங்கோ!"

"ஸ்கூல்."

உமி அப்படியே கிடந்தது. "காப்பி" என்று இங்கிலீசுக்காரர் சொல்லுகிறமாதிரிச் சொல்லச் சொன்னாள். பறந்தது. "ஸ்பூன்" அசையவில்லை, "பேப்பர்" பறந்தது. பூரணம் துள்ளினாள்.

"அக்கா, இவவின்ரை வாயிலை எங்கடை ககரம் பிறந்த நாள் தொடக்கம் இருந்திருக்கு! ஸகரத்துக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு இருந்திருக்கு!"

மிஸியம்மா கையையே பார்த்துக்கொண்டிருந்தா. தன் பாஷையில் இரண்டு விதமாகச் சொல்லிவந்ததை அவ ஒருநாளும் கேட்டதில்லையாம். கேட்கத் தேவையும் இல்லை. அங்கே ஸகரத்துக்குப் பின்னால் ஊதினாலும் ஊதாவிட்டாலும் சொல் வேறு சொல்லாகாது.

அன்றிலிருந்து பூரணத்தின் பாடம் வேறு. முதலில் ஸகரத்தை நீட்டி "ஸ்ஸ்கதவு" என்று சொல்லவேண்டும். பிறகு ஸகரத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு "கதவு" என்று மட்டும் வெளியே விடவேண்டும். எங்கள் வீட்டில் நாள் முழுக்கப் பாம்புச் சத்தம். ஆட்டுக்குட்டிகூட மிரண்டது. ஆனால் உமி மெல்ல மெல்ல அடங்கியது.

அடங்கின இடத்தில்தான் வினையும் வந்தது. பரீட்சை நெருங்க, பெரிய மிஸியம்மா றோஸைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தா. முப்பது வருடம் எங்கள் மண்ணில் இருந்த மனுசி, நல்ல மனம். ஆனால் கேட்டவுடனே முகம் மாறிவிட்டதாம். "பூரணம் என்பதற்கு இங்கிலீசு 'பேபி'யில் வருகிற எழுத்தைப் போடுகிறாயே! யார் இப்படிக் கெடுத்தது?" என்று கேட்டு, பழையபடி ஊதச் சொல்லிப் பழக்கி அனுப்பினா. றோஸ் மிஸியம்மா அழுதபடி எங்கள் வீட்டுக்கு வந்தா.

"என் காதுக்கும் அப்படித்தான் கேட்கிறது, பூரணம். நான் எந்தக் காதை நம்ப?"

பூரணம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய மிஸியம்மா ஆசுப்பத்திரி மருந்தறையில் இருந்தா.

"அம்மா, உங்கடை காதிலை பிழை இல்லை" என்று தொடங்கினாள். "இங்கிலீசிலை சொல்லின்ரை தொடக்கத்திலை மூச்சு வந்தால்தான் அது பேப்பரின்ரை பகரம். மூச்சு இல்லாட்டி உங்கடை காது அதைப் பேபிப் பக்கம் தள்ளிவிடும். நான் என்ரை பேரைச் சொன்னாலும் உங்களுக்கு அப்பிடித்தானே கேக்கும்?"

பெரிய மிஸியம்மா யோசித்தா. "நான் வந்த புதிதில் கேட்டது. பிறகு தமிழர் வாயில் கேட்டுப் பழகிவிட்டது" என்றா.

"அப்ப உங்கடை காதும் வேண்டாம், என்ரை காதும் வேண்டாம். வெளியிலை மருந்துக்கு இருக்கிற சனத்தின்ரை காதிட்டைக் கேப்பம். றோஸம்மா கதவுக்கு உள்ளுக்கை நிண்டு கதைக்கட்டும். பழைய மாதிரி ஒருக்கால், நான் படிப்பிச்ச மாதிரி ஒருக்கால். இரண்டாம் முறையும் சனம் வெள்ளைக்காரி எண்டு சொன்னால், நானே வேலையை விட்டிட்டுப் போறன். பண்டிதரைக் கூப்பிடுங்கோ."

"எடியே, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரடி" என்று கிள்ளினேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய மிஸியம்மா சம்மதித்தா.

என்னை வெளியே சனம் குந்தியிருக்கிற வாங்கில் போய் இருக்கச் சொன்னார்கள், வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை. பக்கத்தில் பருத்தித்துறையிலிருந்து வந்த சந்தியோகுவின் பெண்சாதி, காலில் கட்டோடு. அவவுக்கு அங்காலே கைப்பிள்ளையோடு ஒருத்தி.

உள்ளே இருந்து குரல் வந்தது. "பூரணம், கதவைத் திற! கிணத்தடிக்குப் போய்த் தண்ணி கொண்டு வா!" ஊதின கதை.

"பாவம் வெள்ளைக்காரி, தண்ணி விடாய்க்குது போலை" என்றா சந்தியோகுவின் பெண்சாதி. கைப்பிள்ளைக்காரி சிரித்தாள்.

கொஞ்சம் பொறுத்து அதே வார்த்தை திரும்ப வந்தது, ஊதல் இல்லாமல். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப ஆர் உது கத்துறது?" என்றாள் கைப்பிள்ளைக்காரி.

"நோயாளரைப் பாக்கப் புதுசா வந்த நேஸ் பிள்ளையாக்கும்."

"கதை கொஞ்சம் இழுவையாக் கிடக்கு. தீவுப் பக்கமோ?"

"தீவுப் பக்கத்தாரின்ரை கதை உப்பிடியோ? என்ரை தாய் வீடு தீவிலைதான், தெரியுமே! உவள் வெத்திலையை வாய்க்குள்ளை அடக்கிக்கொண்டு கதைக்கிறாள். வேலை நேரத்திலை வெத்திலை! வெள்ளைக்காரி கண்டால் முறிச்சுப்போடுவா."

கதவு திறந்தது. றோஸ் மிஸியம்மா வெறும் வாயோடு நின்றா. சந்தியோகுவின் பெண்சாதி காலில் கட்டு இருந்ததையும் மறந்து எழும்பிவிட்டா. "ஐயோ, நீங்களோ அம்மா!" என்று அவ வாயில் கைவைக்க, பெரிய மிஸியம்மா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது.

பரீட்சையில் அந்த மூன்றுபேரில் ஜெபநேசன் போதகர்தான் கேள்வி கேட்டவர். வயிற்றுநோவுக்காரரிடம் விசாரிக்கிறமாதிரித் தன்னிடம் விசாரிக்கச் சொன்னாராம். றோஸ் மிஸியம்மா விசாரித்த விசாரிப்பில், இல்லாத நோவையும் சொல்லத் தொடங்கிவிட்டேன் என்று பிறகு அவரே வந்து எங்களைப் பெற்ற ஐயாவுக்குச் சொன்னார். இலக்கணத்தில் இரண்டொரு பிழை இருந்ததாம். இருக்கட்டும். தேறிவிட்டா. அடுத்த கிழமையே நோயாளர் பக்கத்துக்கு அனுப்பினார்கள்.

பெரிய மிஸியம்மா பூரணத்தைக் கூப்பிட்டு, கப்பலில் இன்னும் இரண்டுபேர் வருகிறார்கள், நீதான் படிப்பிக்கவேண்டும் என்று சொன்னா. வேறொருத்தியென்றால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பாள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"படிப்பிக்கிறன் அம்மா. ஆனா அவை தேறும்வரை, அவையின்ரை கதையை நான் மட்டும்தான் திருத்துவன். நீங்களும் திருத்தக்கூடாது."

பெரிய மிஸியம்மா "ஓம் பூரணம்" என்றா.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை. நான்தான் உரலடியில் இருந்து அழுதேன்.