வெந்நீர்ப் பானையை மறந்த கணக்கு

எங்கள் மாடியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். ஒரு நாளும் ஹாரனை அழுத்திப் பிடித்து யாரையும் விரட்டாத மனுஷன். அவர் பெண்டாட்டிக்கு மூட்டுவாதம். விரல்கள் இஞ்சிக் கொத்து மாதிரி கோணியிருக்கும். காலையும் சாயங்காலமும் வெந்நீர் பட்டால்தான் விரல் மடங்கும், முழங்கால் அசையும். அதற்கென்றே ஒரு பெரிய அலுமினியப் பானை. பொழுது விடியும்போது அது அடுப்பில் ஏறிவிடும். தொட்டுப் பார்த்து, விளாவி, குளியலறையில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டுத்தான் டிரைவர் தன் டீயைக் குடிப்பார்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சிலிண்டர் போடுகிறவன் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். இரண்டு மாடி டிரைவர்தான் ஏற்றுவார். போன தடவை பாதிப் படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான்தான் கத்தி ஆள் கூப்பிட்டேன். மூன்று நாள் படுக்கை. அந்த மூன்று நாளும் அவள் சுவரைப் பார்த்து அழுதாள்.

அவர்கள் மகள் ஒரு இண்டக்ஷன் அடுப்பு வாங்கி அனுப்பினாள். அதே சமயம் கட்டடத்துக்குக் குழாய் கேஸ் வந்தது. எங்கள் பக்கம் முதலில் போட்டார்கள், நான் வாங்கிக்கொண்டேன். அவர்கள் பக்கம் வேண்டுமா வேண்டாமா என்று அந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கட்டடச் சங்கச் செயலாளரிடம் தாளில் எழுதித் தர வேண்டும். அப்புறம் கேட்டால் குழாய் இழுக்கிற செலவு முழுக்க நம் தலையில்.

டிரைவர் எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்த கண் அது. பழைய பேப்பர்க்காரரிடம் தொங்கு தராசு வாங்கி, சிலிண்டரை நிறுத்துப் பார்த்தார். பத்து நாள் சமைத்து மறுபடி நிறுத்தார். நாலு கிலோ இருநூறு குறைந்திருந்தது. மாசத்துக்குப் பன்னிரண்டரைக்கு மேல். பதினாலு சொச்சம் கிலோ சிலிண்டர் ஆயிரம் என்றால், மாசத்துக்குத் தொள்ளாயிரத்துக்குப் பக்கம்.

அடுத்த பத்து நாள் இண்டக்ஷன். மின்சார மீட்டரைத் தினமும் குறித்தார். வழக்கமாய் ஓடுவதைக் கழித்தால் இருபத்துநாலு யூனிட். மாசத்துக்கு எழுபத்திரண்டு. இருநூறு யூனிட் வரை ஒன்றுக்கு ஏழு ரூபாய், அதைத் தாண்டினால் பத்து. வீட்டில் ஏற்கெனவே நூற்றுநாற்பது ஓடுகிறது. எல்லாம் போட்டு ஐந்நூற்றுநாற்பதுதான் கூடுதல்.

என் கதவைத் தட்டிவிட்டுத் தாளை நீட்டினார். முகம் முழுக்கப் பல்.

"அக்கா, ஐந்நூத்தி நாப்பது! சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துரலாம். குழாயும் வேணாம், அதுக்குக் கேக்குற டெபாசிட்டும் வேணாம்."

"நான் படிக்காதவ, என்கிட்ட எதுக்கு நீட்டுறீங்க? உங்க வீட்டம்மா என்ன சொல்றா?"

"அவதான் இதையே வெச்சுக்கலாங்கிறா. 'வேணாம்'னு தாள்ல எழுதிட்டேன். சாயங்காலம் குடுத்துருவேன்."

அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு நான் அவளைப் பார்க்கப் போனேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சுவாக்கில் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. கால் முட்டி வீங்கிப் பளபளத்தது. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாள். விரல் மடங்கவில்லை.

"ஏண்டி, இப்படி ஆயிருக்கு?"

"குளிர்க்கா."

"நான் வேர்த்து ஊத்துறேன், உனக்கு எங்கேர்ந்து குளிர்?"

சமையல்கட்டை எட்டிப் பார்த்தேன். அலுமினியப் பானை பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது. அடியில் தூசி.

"பானை எங்க போச்சு?"

"அது அந்த அடுப்புல சூடாகாதாம். காந்தம் ஒட்டுற பாத்திரம் வேணுமாம்."

"அப்ப வெந்நீர்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "புழுக்கமா இருக்கு, பச்சத் தண்ணியே போதும்னு சொல்லிட்டேன். அவரு நம்பிட்டாரு."

"பத்து நாளா?"

"பத்து நாள்தானேக்கா. கணக்கு ஒழுங்கா முடிஞ்சிட்டா அந்த சிலிண்டர் வீட்டை விட்டுப் போயிரும். படியில அவரு உக்காந்திருந்த உக்காரல் என் கண்ணுலயே நிக்குது. குழாய்க்கு டெபாசிட் கட்டணும், இவரு மாட்டேம்பாரு. இதுன்னா கையில இருக்கு. அவருகிட்ட சொல்லாதக்கா. சத்தியம் பண்ணு."

"சத்தியமா? என் வாயைத் தச்சாலும் காதுவழியாப் பேசிருவேன். உனக்குத் தெரியாதா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

படியேறி வந்த டிரைவரை வாசலிலேயே நிறுத்தினேன். "டிரைவரே, சிலிண்டர் கணக்குல பானை இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு வேளையும் ஏத்துனேனே."

"கரண்டு கணக்குல?"

மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். கடைப் பை கையிலேயே இருந்தது.

"பாதி வழியில ஆளை இறக்கி விட்டுட்டு, டீசல் மிச்சம்னு சொல்லுவீங்களா? உள்ள போய் அவ முட்டியைப் பாருங்க."

உள்ளே போனார். மண்டி போட்டு அவள் முட்டியைத் தொட்டார். விரலை ஒன்றொன்றாக நீட்டிப் பார்த்தார்.

"பச்சத் தண்ணியில குளிச்சியா?"

"குளிச்சேன்."

"வலிச்சுதா?"

"உங்க இடுப்பைவிடக் கம்மிதான்."

எழுந்து, பரணிலிருந்து பானையை இறக்கித் துடைத்தார். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து ஏற்றினார். தண்ணீர் காய்கிறவரை அங்கேயே நின்று, தாளின் பின்பக்கம் மறுபடி எழுதினார். நான் அடுப்படி ஓரமாய் உட்கார்ந்து வாயைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கேஸில் அந்தப் பானைக்கு மட்டும் பத்து நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் போயிருக்கும் என்றார். அதையே கரண்டில் காய்ச்சினால் இன்னும் பதினாலு யூனிட். மாசத்துக்கு நாற்பத்திரண்டு கூடும், அத்தனையும் பத்து ரேட்டில். ஐந்நூற்றுநாற்பது தொள்ளாயிரத்து அறுபதாக ஏறிற்று. சிலிண்டரைவிட அதிகம்.

"உங்க குழாய் பில்லு எங்கக்கா?"

எடுத்து வந்தேன். எனக்கு எழுத்து தெரியாது, குழாய் போட்டவன் சொன்னது மட்டும் ஞாபகம். "முழு சிலிண்டருக்கு ஈடா மீட்டர்ல பதினேழு பதினெட்டு யூனிட் ஓடும்னான்."

பில்லில் யூனிட் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் என்று போட்டிருந்தது. அவர்கள் செலவுக்குப் பதினாறு வைத்தார். எண்ணூறு. மாசா மாசம் நிலைக்கட்டணம் நாற்பது. எண்ணூற்றுநாற்பது.

"மூணுலயும் இதுதான் கம்மி," என்றார், நம்பாதவர் மாதிரி. "டெபாசிட்டுதான்..."

"அது போகாத காசு. வேணாம்னா திருப்பித் தருவான். நான் பில்லோட சேத்து மாசா மாசம் கொஞ்சமா கட்டுறேன். கேக்காம இருந்தா எப்படித் தெரியும்?"

"அப்ப என் அடுப்பு?" என்றாள் அவள் நாற்காலியிலிருந்து.

"அதே அடுப்புதாண்டி," என்றேன். " கேஸ் வர்ற ஊசித் துளையை மட்டும் மாத்திட்டுப் போவான். பானையும் அதேதான்."

"மகள் வாங்கின அடுப்பு?"

"டீ போட ஆச்சு," என்றார் டிரைவர்.

தண்ணீர் கொதித்தது. விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்தார். அகலமான தொட்டியில் ஊற்றி அவள் காலருகே வைத்தார். அவள் இரண்டு கையையும் முழுக விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து சுண்டுவிரல் அசைந்தது. அதற்கப்புறம் அடுத்தது.

தாளில் 'வேண்டாம்' என்பதை அடித்து, 'வேண்டும்' என்று பெரிசாக எழுதினார். செயலாளர் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் கேட்டாள்.

"ஏங்க, குழாய் போடுற வரைக்கும் இந்த சிலிண்டர்?"

"பாதிக்கு மேல இருக்கு," என்றார் டிரைவர்.

" அதுக்குள்ள தீர்ந்தா?"

"தீர்ந்தா நான் ஆள் கூப்பிடுறேன்," என்றேன். "நீங்க தொட்டீங்கன்னா படியிலயே உங்களுக்கு வெந்நீர் ஊத்துவேன்."

அவர் சிரித்துக்கொண்டு இறங்கினார். அவள் தண்ணீருக்குள் கையை மெல்ல மூடினாள், திறந்தாள்.