மிச்சக் கல்லில் போட்ட படிக்கட்டு

பித்தளையைத் தேய்க்கும் வாடை இன்றும் எனக்கு ஆகாது. அறுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஒரு சிறு மிஷன் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். கீழே இடம் போதாமல் மாடி எழுப்பி, பிரசவ அறையை மேலே கொண்டுபோனார்கள். வலி எடுத்த பெண்கள் வெறுங்காலோடு ஏறவேண்டிய படிக்கட்டு வெறும் சிமென்ட்டாகக் கிடந்தது.

அதற்குக் கல் தர்மம் செய்வதாக ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி சொன்னார். வண்டியில் வந்து இறங்கியது, அவர் புது பங்களாவில் மிஞ்சிய மொசைக் கல். பாதிக்கு மேல் ஓரம் உடைந்த மூளி. கூடவே, படி விளிம்பில் பதிக்கும் பித்தளைப் பட்டிகள் சாக்கில் வந்தன. எல்லாம் வெட்டி எறிந்த துண்டுகள்.

கொத்தனார் குச்சியால் அளந்தார். படியின் அகலம் பத்து அங்குலம், கல் எட்டு அங்குலம். நிமிர்ந்து நிற்கும் முகப்பு ஆறு அங்குலம். முகப்புக் கல்லில் இரண்டு அங்குலத்தை வெட்டி எடுத்து, அதையே படியின் பின்பக்கம் ஒட்டவைத்தால் கழிவே இருக்காது என்றார்.

“ஆனா வெட்டும்போது ஒடையுமுங்க. அதுக்கு மேக்கொண்டு கொஞ்சம் நல்ல கல்லு குடுத்தீகன்னா…”

முதலாளியின் கணக்குப்பிள்ளை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார். “ஏய்யா கொத்தனாரே, நீரு ஒடைக்கிறதுக்கெல்லாம் முதலாளி கல்லு அவிச்சுத் தருவாரா? இருக்கிறது அம்புட்டுத்தான். மொதல்ல நடுவுல திரும்புற எடத்தப் போடும். அங்கனதான் முதலாளி பேரு வருது. கல்லச் சாச்சு, டைமண்டாப் போடணும், பாத்துக்கிடும்.”

“சாச்சுப் போட்டா ஓரத்துக்கெல்லாம் முக்கோணமா வெட்டணும். கல்லு தின்னுரும்.”

“தின்னட்டும். படிய எவன் பாக்கப் போறான்?”

தலைமை நர்ஸ் சிஸ்டரம்மாவும் கேட்டுப்பார்த்தார். தர்மத்துக்கு வந்த கல்லில் குறை சொல்லலாமா என்று கணக்குப்பிள்ளை அவரையே மடக்கிவிட்டார்.

முழுக் கல்லெல்லாம் அந்தத் திருப்பத்துக்கே போனது. படிகளுக்கு மிஞ்சியது மூளிதான். கல்லை வெட்டிய பக்கமான வெட்டுவாய் முன்னால் வரக்கூடாது, அது உதிரும். அச்சில் வார்த்த விளிம்புதான் முன்னால் வரவேண்டும். ஆனால் முழு விளிம்புள்ள கல் ஏது? கொத்தனார் வெட்டுவாயை முன்னால் வைத்து அதன்மேல் பித்தளையைக் கவிழ்த்தார். ஒரு படிக்கு இரண்டு மூன்று துண்டு. கலவைக்குள் இறங்கிப் பிடிக்கும் நாக்கு பல துண்டுகளில் இல்லை. மேல் படிகளின் முகப்புக்குக் கல்லே இல்லை, சிமென்ட் பூசினார்.

திறப்பு விழாவில் ஜெபம் சொன்னார்கள், மாலை போட்டார்கள். முதலாளி திருப்பம்வரை ஏறி, சுவரில் தன் பெயர் வெட்டிய கல்லைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார்.

மழை தொடங்கியபோது எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். வெடிக் கம்பெனியில் திரி வெட்டுகிறவள். தலைப்பிரசவம். அவள் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் என் தோளைப் பிடித்து ஏறினாள். திருப்பத்துக்கு மூன்று படி கீழே ஒரு பித்தளைத் துண்டின் நுனி கிளம்பி நின்றிருக்கிறது. பெருவிரலில் ஏறிவிட்டது.

“ஆத்தே!” என்று என் மேலேயே சாய்ந்தாள். இருவரும் உருண்டிருப்போம். இடுப்பைக் கட்டிப்பிடித்து, எப்படியோ திருப்பம்வரை இழுத்துப்போய் உட்காரவைத்தேன். அங்கேயே பனிக்குடம் உடைந்தது. வழுவழுப்பான அந்தக் கல்லில் அவளால் எழ முடியவில்லை, கால் வழுக்கியது. சிஸ்டரம்மா ஓடிவந்து சேலையை மறைப்பாகப் பிடிக்கச் சொன்னார். முதலாளி பெயருக்குக் கீழேயே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கணக்குப்பிள்ளை வந்தார். தாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லில் ஊறிப்போன கறையைத்தான் பார்த்தார்.

“என்னம்மா இது, பாழாக்கி வச்சிருக்கீக? பெக்குறதுக்கு வேற எடம் இல்லையா?”

“உங்க பித்தளை காலக் கிழிச்சிருச்சு” என்றேன். ஆண்களிடம் ஏறிட்டுப் பேசாத எனக்கு அது எப்படி வாயில் வந்ததோ.

“அப்பிடியா? அப்ப அது இங்கன வேண்டாம்.” இரண்டு ஆட்களை விட்டுப் பட்டி முழுவதையும் நெம்பி எடுத்தார். ஆஸ்பத்திரி வாளித் தண்ணீரிலேயே புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று சாக்கில் கட்டிக்கொண்டு போனார். பழைய பித்தளைக்கு எடைக்கு விலை உண்டு. போகும்போது என்னிடம், “அந்தக் கறைய ஆசிட் ஊத்தித் தேச்சிரு” என்றார்.

பட்டி போன விளிம்புகள் பல் விழுந்த ஈறாய்க் கிடந்தன. கொத்தனார் தானாகவே வந்தார். உதிர்ந்த விளிம்பைக் கொத்திவிட்டு, சிமென்ட்டை வைத்து, காயுமுன் அதில் சணல் கயிற்றை அழுத்தி எடுத்தார். கால் பிடிக்க வரிவரியாகப் பள்ளம் விழுந்தது. பார்க்க அசிங்கம்தான். அதன்பிறகு எத்தனையோ பேரை அதில் ஏற்றினேன்; ஒருத்திக்கும் கால் வழுக்கவில்லை.

ஆசிட் பாட்டில் வந்தது. நான் கக்கூஸுக்கு ஊற்றினேன். நான் வேலையை விடும்வரை அந்தப் பெயருக்குக் கீழே கறை அப்படியே இருந்தது.