பால் கவர் மூட்டைக்குள் திணித்த பாக்கெட்டுகள்

குப்பை பிரிக்கும் கொட்டகையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'காது'. கவரைக் கசக்கிக் காதோரம் வைத்தால் போதும், என்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷப் பழக்கம். அந்தத் தப்பைச் செய்தவளும் அவள்தான்.

எதற்கும் ஆகாத மிச்சக் குப்பையைக் குறைத்தே ஆகணும் என்று புது சூப்பர்வைசர் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அந்த மிச்சத்தில் பாதி ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் கவரும். ஒரு கிலோ சேர ஆயிரம் ஷாம்பு பாக்கெட்டாவது பொறுக்கணும், பொறுக்கினாலும் சீந்துவாரில்லை. போய்த் தொலையட்டும் என்று, அதில் இரண்டு சாக்கைப் பால் கவர் மூட்டைகளின் நடுவில் திணித்து அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் பட்டறைக்காரர் போன் செய்தார். பால் கவரை உருக்கிக் குருணையாக்குகிறவர். "இனி உங்க சரக்கே வேணாம்." கொட்டகையில் ஒன்பது பெண்களுக்கு அடுப்பு எரிவது அவர் வாங்கும் பால் கவரால்தான்.

மறுநாள் விடிந்ததும் பட்டறையில் போய் நின்றாள். உருகிய பிளாஸ்டிக்கை மெஷினில் வடிகட்டும் சல்லடை ஒன்றை அவர் முன்னால் போட்டார், கருகிப் போயிருந்தது. வெள்ளித் துணுக்குகள் அப்பிக் கிடந்தன.

"என் மெஷினுக்குக் கொலுசு போட்டு அழகு பாத்திருக்கியேம்மா!"

"தப்புதாண்ணே."

"பால் கவர் ஒரே ரகம். சூடு பட்டா மொத்தமா உருகும். இதைப் பிரி பாப்போம்." ஷாம்பு பாக்கெட் ஒன்றை நீட்டினார்.

நகத்தால் கீறினாள், பல்லால் இழுத்தாள். கிழிந்ததே தவிரப் பிரியவில்லை.

"மேல ஒரு பிளாஸ்டிக், நடுவுல அலுமினியம், உள்ள வேற பிளாஸ்டிக். எல்லாத்தையும் சேர்த்து ஒட்டி வச்சிருக்கான். உள்ள இருக்கிறது உருகற சூட்டுல மேல இருக்கிறது உருகாது. சூட்டை ஏத்துனா உள்ளது கருகிடும். அலுமினியம் எதுக்கும் மசியாது, சல்லடையை அடைச்சிடும். வந்த குருணை பூரா கொப்புளம்."

"பிரிக்க வழியே இல்லையா?"

"எங்கயோ இருக்காம். அந்தச் செலவுக்குப் புதுசாவே வாங்கிடலாம்."

"மீதி மூட்டை எங்கண்ணே?"

"நாலு கிடக்கு. கூலி தர மாட்டேன்."

"கேட்டேனா?"

மூட்டைகளை அறுத்துக் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள். கசக்கினாள், கேட்டாள், எறிந்தாள். மொடமொடக்கும் பாக்கெட்டெல்லாம் ஒரு பக்கம், மெத்தென்று அடங்கும் பால் கவரெல்லாம் மறுபக்கம். முதுகு முறுக்கியபோது எழுந்து நின்று பிரித்தாள். சாயங்காலம் அவர் ஒரு மூட்டையை மெஷினில் ஓட்டினார். சல்லடை சுத்தமாக இருந்தது.

"அடுத்த லோடை என் முன்னாடி அறுத்துக் காட்டணும்."

"கத்தி நானே கொண்டு வரேன்."

மறுநாள் அந்தக் கருகிய சல்லடையையும் ஒரு பிடி ஷாம்பு பாக்கெட்டையும் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தாள்.

"இதுல ஒண்ணே ஒண்ணைப் பிரிச்சுக் குடுங்க சார். மிச்சத்தைக் குறைச்சிடறேன்."

அவர் நகம் உடைந்ததுதான் மிச்சம். பாக்கெட்டுகள் தனிச் சாக்கில் ஏறின, சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்க. வண்டி வாடகையும் கொட்டகைதான் கொடுத்தது. அவள் பழையபடி பால் கவர் குவியலில் கை வைத்தாள்.