ஐந்து மஞ்சப் பையும் ஒரு சைபரும்

கோயமுத்தூரில் நான் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருஷம் படித்தபோது, எங்கள் பெஞ்சில் ஐந்து பேர். மத்தியானம் யாரும் தன் வீட்டுச் சாப்பாட்டைத் தின்னக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் டப்பாவை ஒரே மாதிரி மஞ்சப் பையில்தான் கொண்டுவருவோம். பைகளைக் கலைத்துவிட்டு, கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுப்போம். ஒருத்திக்குத் தன் பையே வந்துவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து கலைக்க வேண்டும். பசியில் அது பெரிய கொடுமை.

ஈரோட்டில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு வந்தது. எங்கள் வகுப்பிலிருந்து ஒருத்திதான் பேசலாம். எனக்கும் என் பக்கத்து இருக்கைக்காரிக்கும் போட்டி. அவள் ஊர் கருமத்தம்பட்டி, தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்ததால் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். துறைத் தலைவி மேடம் இருவரையும் வகுப்பு முன்னால் பேசிக் காட்டச் சொன்னார். அவள் முதலில் பேசி, கைதட்டல் வாங்கி உட்கார்ந்தாள்.

நான் எடுத்தது தொப்பிக் கணக்கு. விருந்துக்கு வந்தவர்களின் தொப்பிகளைக் கலைத்துக் கொடுத்தால், ஒருவருக்கும் தன் தொப்பி வராமல் போக எத்தனை வழி? தொப்பியை யார் கண்டார்கள்! மஞ்சப் பை என்றே ஆரம்பித்தேன். ஐந்து பையை ஐந்து பேருக்கு 120 விதமாகக் கொடுக்கலாம். எனக்கு என் பை வந்துவிட்டால் மற்ற நான்கும் 24 விதம். அப்படி ஐந்து பேருக்கும் சேர்த்து ஐந்து இருபத்திநாலு, 120. அதைக் கழித்தால்...

சுண்ணாம்புக்கட்டி நின்றது. சைபர்.

"ஏம்புள்ள, அப்ப என்னைக்குமே ஒருத்திக்காவது அவ பை வந்தே தீருமா?" என்று கருமத்தம்பட்டிக்காரி கத்தினாள். "நேத்து நான் உன்ற அரிசிம்பருப்புச் சோத்தைத் தின்னேன், நீ என்ற கொள்ளுப் பருப்பைத் தின்னே. ஒருத்திக்கும் சொந்தப் பை வரலியே. அது கனாவா?"

வகுப்பு சிரித்து உருண்டது. வீட்டில் பத்துத் தடவை சூத்திரத்தைப் பார்த்திருந்தேன். பதற்றத்தில் முதல் படியோடு நின்றுவிட்டேன். ஈரோடு கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது.

அவளைப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் ஒரே சமயம் சொந்தப் பை வந்தால்? என் கணக்கில் ஒரு தடவை கழித்தேன், அவள் கணக்கிலும் ஒரு தடவை!

"ரெண்டு தடவை கழிச்சுப்போட்டேன்!" என்று நானே கத்தினேன். "ஜோடி ஜோடியாத் திருப்பிக் கூட்டணும்."

பத்து ஜோடி, ஒவ்வொன்றுக்கும் மிச்ச மூன்று பை ஆறு விதம். கூட்டு 60. மூன்று பேருக்குச் சரியாக வந்ததை மூன்று தடவை கழித்து மூன்று தடவை கூட்டியாயிற்று. அது கழியாமலே நிற்கிறது. மூவராகப் பத்துக் கூட்டம், மிச்ச இரண்டு பை இரண்டு விதம். கழி 20. நான்கு பேருக்கு, கூட்டு 5.

"நாலு பேருக்குச் சரியா வந்தா அஞ்சாவதும் தானா வந்துருமே. அதை எதுக்குத் தனியாக் கூட்டற?" என்று மறுபடியும் கருமத்தம்பட்டிக்காரி கேட்டாள்.

"இருடி. அஞ்சு பேருக்கும் வர்ற அந்த ஒண்ணைக் கடைசியாக் கழிக்கறேன் பாரு. அதோட எல்லாம் நேராயிரும்."

அறுபது, கழித்தல் இருபது, கூட்டல் ஐந்து, கழித்தல் ஒன்று. நாற்பத்திநான்கு! 120-இல் 44. மூன்று தடவை கலைத்தால் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேலேயே எல்லோருக்கும் அடுத்த வீட்டுச் சாப்பாடு. நாங்கள் அன்றாடம் பசியோடு காத்திருந்ததற்குச் சரியாக இருந்தது.

மேடம் எழுந்தார். "சரி அம்மணி, இந்த வகுப்பே மொத்தமாப் பை மாத்துனா? அப்ப அது நடக்கவே நடக்காதில்ல?"

"நடக்குங் மேடம். ஏறக்கொறைய அதே விகிதந்தானுங்க!"

யாரும் நம்பவில்லை. வரிசையை 120-ஆல் வகுத்து எழுதினேன். ஒன்று, கழித்தல் ஒன்று, கூட்டல் அரை, கழித்தல் ஆறில் ஒன்று, கூட்டல் இருபத்திநாலில் ஒன்று, கழித்தல் நூற்றிருபதில் ஒன்று. ஆள் கூடக்கூட வால் நீளும், ஆனால் சேருவது துளித்துளிதான். எழுதி முடிக்குமுன் பின்னால் பெஞ்சு தடதடத்தது.

"அட, இது e-யோட வரிசையல்லோ! மைனஸ் ஒண்ணு அடுக்கு! எத்தனை பேரானாலும் ஏறக்கொறைய 0.368!" கருமத்தம்பட்டிக்காரி ஓடிவந்து என் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியைப் பிடுங்கி, வரிசைக்குக் கீழே 1/e என்று பலகை அதிர எழுதினாள். எழுதிய பிறகுதான் தனக்கும் ஈரோடு வேண்டும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேடம் சிரித்தார். "ஈரோட்டுக்கு யாரை அனுப்பட்டும்?"

"இவளையே அனுப்புங் மேடம்," என்றாள் அவள். "நான் பேசுனப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. இவ பேசுனப்ப என்னாலயே பெஞ்சுல உக்கார முடியலீங்க."

மேடம் தலையசைத்தார். நான் அவள் கையிலிருந்து சுண்ணாம்புக்கட்டியைத் திரும்பப் பிடுங்கி, ஆறு பேருக்கு எழுத ஆரம்பித்தேன். 265 வந்தது. அவள் என் தோளுக்கு மேலாக எட்டிச் சரிபார்த்துவிட்டு, "ஏழு போடு புள்ள, ஏழு போடு" என்றாள்.