நான்காவது பதிவில் அப்பா

சென்ற வசந்தத்தில் எனக்குக் கதை சொல்லும் ஆசை வந்தது. ஒரே கதையைச் சிறு சிறு பதிவுகளாக உடைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து இணையத்தில் போடுவதை இழை என்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் மலையேற்றத்தை அப்படி எழுதிப் பெரிய பெயர் எடுத்துவிட்டார். மலை ஏறியவருக்கே அவ்வளவு கூட்டம் என்றால், யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்திலிருந்து ஏறி மொன்றியல் வரை வந்தவனுக்கு எவ்வளவு வரும் என்று மனம் கணக்குப் போட்டது. கணக்குப் போடுவதுதானே என் தொழில்.

முதல் பதிவு இது: "மொன்றியல் தெருக்களுக்குக் கீழே மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. ஆனால் நான் முதன்முதலில் தண்ணீரைத் திருப்பியபோது, எங்கள் முழு வெங்காயமும் மூழ்கியது." இதற்கு மட்டும் ஐந்து நாள் போனது. ஒரு பதிவுக்கு இருநூற்று எண்பது எழுத்து. தமிழில் 'கி' என்று எழுதினாலும் எழுத்து ஒன்று, மேலே போடும் விசிறிக் குறி ஒன்று என்று இரண்டாக எண்ணிவிடுகிறது அந்தத் தளம். நம் மொழிக்கு அங்கே பாதி இடம்தான்.

என் மனைவி கார்டெரி எனப்படும் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள். கதையை எங்கே நிறுத்தினால் பதினைந்து பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி இருப்பார்கள் என்பது அவளுக்குக் கைவந்த கலை. என் வரைவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, ஒவ்வொரு பதிவிலயும் ஆக்களைத் திடுக்கிடப் பண்ணாதேங்கோ. ரெண்டு இடத்தில இழுத்தால் மூண்டாவதில மூச்சு விட விடுங்கோ. கேட்ட கேள்விக்கு அடுத்த பதிவிலயே பாதி மறுமொழியாவது குடுக்கவேணும். இல்லாட்டில் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போயிடுவினம்."

கேட்டேன். பன்னிரண்டு பதிவுகள். இரண்டாவதில் மூழ்கிய வெங்காயம், மூன்றாவதில் கணித வாத்தியாரும் சைக்கிளும் என்று சற்று ஆறுதல். ஏழாவதில் பொறியியல் பீடம். பத்தாவதில் கியூபெக்கில் பொறியாளர் உரிமத்துக்காகப் பிரெஞ்சுப் பரீட்சையில் கோட்டைவிட்ட கதை, அது சிரிப்புக்கு. கடைசியில் தெருவுக்குக் கீழே என் முதல் குழாய். நான்காவதை மட்டும் அவளுக்குக் காட்டிய பிறகு மாற்றினேன். அதுதான் என் கெட்ட புத்தி.

நான்காவது பதிவு: "பரீட்சைக்கு மூன்று வாரம். அப்பா என் புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்த் தோட்டத்துக் கொட்டில் அறையில் வைத்துப் பூட்டினார். 'வெங்காயம் பிடுங்க ஆளில்லை' என்றார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

ஐந்தாவதில் உண்மை இருந்தது. எனக்கு நெருப்புக்காய்ச்சல். புத்தகத்தைக் கண்ணிலும் காட்ட வேண்டாம் என்றார் வைத்தியர். நான் கேட்கவில்லை. அதனால் அப்பா பூட்டினார், ஏழு நாள். வெங்காயம் பற்றி அவர் சொன்னதும் நிஜம்தான், ஆனால் அது வேறொரு வருடம், வேறொருவரிடம். இரண்டும் உண்மை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் பொய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டையும் ஒன்றாகப் போட்டேன். வழக்கமாக முதல் பதிவைப் பலர் பார்ப்பார்கள், பிறகு படிக்குப் படி ஆள் குறையும். சனிக்கிழமை பார்த்தால் நான்காவதுக்கு முதலாவதை விடக் கூட்டம். வாசகருக்கு நான் போட்ட கொக்கி நன்றாக மாட்டியிருக்கிறது என்று மகிழ்ந்து மனைவிக்குக் காட்டினேன். அவள் முகம் மாறியது.

"இது தனியா ஓடுது. நாலை மட்டும் படம் பிடிச்சு அனுப்புறாங்கள். அஞ்சை ஒருத்தரும் பாக்கேல்லை."

அப்பா மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்களோடு வந்து இருக்கத் தொடங்கி ஆறு மாதம்தான். பிரெஞ்சு தெரியாது, பனி பிடிக்காது. ஞாயிறு பூசை முடிந்து கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோலுமாகக் கதைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் அவருடைய வாரம். அந்த ஞாயிறு, அவர் வழக்கமாக இருக்கும் மேசையில் கதை நின்றது. மன்னார்க்காரர் ஒருவர் கைபேசியை நீட்டினார்.

"ஐயா, இது உங்கட மகன் எழுதினதோ? பெடியன்ர புத்தகத்தைப் பூட்டி வச்சனீங்களோ?"

அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "ஓம், பூட்டினனான்" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

"அடுத்த கிழமை நான் கோயிலுக்கு வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை நாலு பேருக்கு முன்னால் கொடுமைக்காரன் ஆக்கியவன் நான்தான், அதுவும் கைதட்டலுக்காக. பதிவை அழிக்கலாம் என்றேன். மனைவி மறுத்தாள். நடுவில் ஒன்றை அழித்தால் கீழே உள்ளவை அறுந்து நிற்கும். எடுத்த படங்களோ ஊரெல்லாம் போய்விட்டன.

"அடுத்து என்ன நடக்கும் எண்டு தவிக்க விடுங்கோ, அது சரி. ஒருத்தர் நல்லவரோ கெட்டவரோ எண்டு தவிக்க விடாதேங்கோ. இப்ப தனியாப் போனாலும் பிழையா விளங்காத ஒரு பதிவு எழுதுங்கோ."

நான்காவதையே மேற்கோளாக இணைத்து எழுதினேன். காய்ச்சல், வைத்தியர், ஏழு நாள், வெங்காய வசனத்தை நான் ஒட்டவைத்தது, எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடக்கினேன். போடுவதற்கு முன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்த ஏழு நாளும் நான் அந்த அறைக்குள்ள என்ன செய்தனான் எண்டு உனக்குத் தெரியுமே?"

"தெரியாதப்பா."

"தெரியாதெண்டால் எழுதாத." சொல்லிவிட்டு பேப்பரை விரித்துவிட்டார்.

மனைவி என் கையிலிருந்த கைபேசியை வாங்கிக் கடைசி வரியை அவளே அடித்தாள்: "அறைக்குள் அப்பா என்ன செய்தார் என்பது எனக்கே தெரியாது. ஞாயிறு பூசைக்குப் பிறகு அவரிடம் கேளுங்கள்." அப்பாவிடம் காட்டினாள். "மாமா, இனி நீங்கள் வரத்தான் வேணும்." அவர் உதட்டுக்குள் சிரித்தார்.

அந்தப் பதிவும் ஓடியது, நான்காவது அளவுக்கு இல்லை. ஆனால் மண்டபத்துக்கு ஓடி வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறு அவர் மேசையில் நாற்காலி போதவில்லை. மன்னார்க்காரர்தான் முதலில் கேட்டார். அப்பா அவசரப்படவில்லை. ரோல் ஒன்றைச் சாப்பிட்டார், தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினார். எனக்கே பொறுமை போய்விட்டது.

"சும்மா இருக்கேக்க ஒரு புத்தகத்தைத் திறந்தன். ஒண்டும் விளங்கேல்லை. ஆனா ஓரத்தில பென்சிலால எங்கட தோட்டம் கீறியிருந்தான். கிணறு, வாய்க்கால், பாத்தி, எல்லாம். வாய்க்கால் நடுவில நாலு விரல் பள்ளம் எண்டு ஒரு இடத்தில புள்ளி போட்டிருந்தான். கடைசிப் பாத்திக்குத் தண்ணி போகேல்லை எண்டு நான் வருஷக்கணக்கா தண்ணி இறைக்கிற மிசினைத்தான் ஏசினனான்."

"பேந்து, அதுக்குப் பிறகு?" என்றார் மன்னார்க்காரர்.

"மண் போட்டு அந்த இடத்தை உயர்த்தினன். இறைச்சன். தண்ணி கடைசி மட்டும் போச்சு." அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "இவன் படிக்கட்டும், இனித் தோட்டத்துக்குக் கூப்பிடுறேல்லை எண்டு அண்டைக்குத்தான் முடிவெடுத்தனான். இவனுக்குச் சொல்லேல்லை. காய்ச்சல்காரன், அழுதாலும் அழுவான்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.