கரடிக்கு ஒரு வசனம்

சுனாமிக்குப் பிந்திய ஆவணியில், மட்டக்களப்பு நகரத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை. அகதி முகாம் பிள்ளைகளுக்குக் காட்டவிருந்த ஆங்கிலக் கார்ட்டூன் ஒன்றின் கரடிக்கு மேர்லின் டீச்சர் தமிழில் வசனம் எழுதிக் குரலும் கொடுத்தார். கரடி வாய் திறந்திருக்கும் நேரத்துக்குள் பேச்சு முடிய வேண்டும். அதன் உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழ வேண்டும். சுனாமியில் வீடிழந்தோர் தங்கிய வாகரை முகாமில் ஆறு மாதம் பாடம் நடத்திய அவர், அந்தப் பிள்ளைகளுக்காகவே இதற்கு ஒப்புக்கொண்டார்.

குளியல் தொட்டி நிரம்பி வழிந்து கரடியை வாசலுக்கு அடித்துச் செல்லும் இடம் வந்தது. ஆங்கிலத்தில் கரடி, பெரிய அலை வருது, ஓடுங்க என்று கத்துகிறது. பின்னால் சிரிப்பொலி.

டீச்சர் ஹெட்போனைக் கழற்றினார். “இத நான் சொல்லமாட்டன்.”

“மூலத்தில அப்பிடித்தானே டீச்சர். பகிடிதானே,” என்றார் ஒலிப்பதிவை நடத்தும் நிறுவனத்துக்காகக் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சுதர்சனன்.

“ஆருக்குத் தம்பி பகிடி? அலையில தாய பறிகுடுத்த பிள்ளைக்கா?”

“படத்த மாத்த ஏலாதே.”

“படத்த ஆர் மாத்தச் சொன்ன? வாயத்தான் மாத்தப்போறன்.”

ஒலிப்பதிவாளர் அந்தக் காட்சியை மீண்டும் ஓடவிட்டார். தண்ணீரில் உருண்ட கரடி, “ஐயோ, குளிச்சது போதும்!” என்று டீச்சரின் குரலில் அலறியது. கடைசி எழுத்தில் அதன் உதடு சரியாக மூடிக்கொண்டது. ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார்.

சுதர்சனனும் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. எண்டாலும் மேலிடத்தில கேக்கணும்.”

“கேளுங்க. அதுவரைக்கும் கரடி ஊமை.”

டீச்சர் கதவைத் திறந்து வெளியேறினார்.