அமோனியா இல்லாத ஞாயிற்றுக்கிழமை

மின்கட்டணம் வாங்கும் கவுண்டரில் அவளுக்கு 'சில்லறையக்கா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து பில் அடிப்பதே பிழைப்பு. வரிசையில் நிற்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதைவிட உச்சி வகிட்டைப் பார்ப்பதுதான் அதிகம். அதனால் நாற்பது தாண்டியதும் மற்றவர்களுக்கு வராத கவலை அவளுக்கு வந்தது. வகிட்டில் வெள்ளை வந்தால் ஊருக்கே தெரியும்.

முதல் தடவை அவளே போட்டுக்கொண்டாள். கடையில் பெட்டி மேல் சிரித்த பெண்ணின் கூந்தல் பிடித்துப்போய், கருஞ்சிவப்பில் ஒரு டியூப் வாங்கினாள். கூடவே கலக்கிற டெவலப்பர். வீரியத்துக்கு ஏற்ப இருபது, முப்பது என்று இரண்டு நம்பர் இருந்தன. பெரியதுதானே நன்றாகப் பிடிக்கும் என்று முப்பதை எடுத்தாள். அலசிப் பார்த்தால், நரை இருந்த இடமெல்லாம் ரோஜாச் சிவப்பு, கருப்பாக இருந்த வேரெல்லாம் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம். புருஷன் எட்டிப் பார்த்து, "தலையில லைட் போட்டிருக்கியா? கரண்ட் பில் கூடிடும்" என்றார். அவள் ஒரு வாரம் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்தத் தலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள்தான் பார்லர்காரி. அடுத்த தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, அதுதான் பார்லர். தனிக்கட்டை. வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம்.

"முப்பது, தலையில இருக்கிற நிறத்தைத் தூக்கிவிடறதுக்குடி. வேருல உடம்புச் சூடு வேற. தகதகன்னுதான் ஆகும். நரையை மறைக்க இருபது போதும். நரைக்குள்ள ஒண்ணுமே இல்ல, காலி வீடு. அதுல வெறும் சிவப்பை விட்டா அது ஆடத்தான் செய்யும். அடியில சாதா பிரவுன் சேர்க்கணும்."

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு பார்லர்காரி பையோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். பழைய துண்டு, பீங்கான் கிண்ணம், பின்கட்டில் ஒரு முக்காலி. நல்ல கருப்பு வேண்டும் என்று சில்லறையக்கா அடம்பிடித்தபோது அவள் ஒப்பவில்லை. "வீட்டுல போட்டா நினைக்கிறதைவிட ஒரு படி இருட்டாத்தான் விழும். கருப்படிச்சா பத்து நாள்ல வெள்ளை வேர் கோடு போட்ட மாதிரி தெரியும். பிரவுன்னா கோடு கரைஞ்சு நிக்கும்" என்று நாலாம் நம்பர் பிரவுனைத் தேர்ந்தெடுத்தாள். பிடிவாதம் பிடிக்கிற நெற்றிப்பொட்டு நரைக்கு முதலில் தடவுவாள். ஏற்கெனவே சாயம் ஏறிய நுனிக்குத் தேவையில்லாமல் இழுக்க மாட்டாள். அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் சில்லறையக்கா மாமியார் கதை, மேலதிகாரி கதை, புருஷனிடம்கூடச் சொல்லாத கதை எல்லாவற்றையும் கொட்டினாள். தலையைக் கொடுத்த பிறகு மனசைக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

பிறகுதான் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம். அடுத்த மாதம் நெற்றியோரம் சிவந்து, மறுநாள் இமை கனத்தது. அவள் பார்லர்காரியிடம் மறைக்காமல் சொன்னாள்.

பார்லர்காரி ஒரு நொடி அவள் காதை மடித்துப் பார்த்தாள். "அமோனியாடி. அந்த நெடி யாருக்குத்தான் ஆகும்? விடு, நான் பார்த்துக்கறேன்."

அடுத்த மாதத்து ஞாயிறு புதுப் பெட்டி வந்தது. மேலே ஒரு பச்சை இலை, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'அமோனியா இல்லை'. கலக்கும்போது கண் எரியவில்லை, மூக்கு சுருங்கவில்லை. சில்லறையக்கா கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல சோப்பு மாதிரி இருக்குடி" என்று சந்தோஷப்பட்டாள். அவளுக்கு வெளுத்ததெல்லாம் பால். நெடி இல்லாததெல்லாம் நல்லது. நிறமும் நன்றாகவே பிடித்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக் கிடந்தன. நெற்றி பொம்மென்று ஆகி, காதோரம் நீர் கசிந்தது. புருஷன் வழக்கம்போலக் கிண்டலுக்கு வாயெடுத்தவர், முகத்தைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

தோல் டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார், பிறகு கேட்டார், "முன்னாடியே அரிச்சிருக்குமே?"

"ஆமா டாக்டர். அதனாலதான் அமோனியா இல்லாதது போட்டோம்."

"அமோனியா முடியைத் திறந்துவிடற சாமான், அவ்வளவுதாம்மா. அது இல்லேன்னா அதே வேலையைச் செய்யற வேற ஒண்ணைப் போடுவாங்க. அதுக்கு நெடி கம்மி. உங்களுக்கு ஆகாதது உள்ள போற சாயம். பிபிடின்னு பேரு. அது இந்தப் பெட்டியிலயும் இருந்திருக்கும். இனிமே அது கலந்த எதையும் தலையில வைக்காதீங்க. அடுத்த தடவை இதைவிட மோசமா வரும்."

அவளுக்கு வந்த கோபமெல்லாம் பெட்டிக்காரன் மேல்தான். பச்சை இலையைப் போட்டு ஊரை ஏமாற்றுகிறானே! பாவம், பார்லர்காரியும் நம்பி ஏமாந்திருப்பாள், இன்னும் எத்தனை பேர் தலையில் இதை வைத்துக்கொண்டிருப்பாளோ, அவளை எச்சரிக்க வேண்டும் என்று, வீக்கம் பாதி வடிந்ததும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பார்லர் கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் யாரோ ஒரு புதுப் பெண். பார்லர்காரி பஞ்சுக்குச்சியால் அவள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு சாயம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் இதைத் தொடாதீங்க. அரிச்சா, சிவந்தா உடனே கழுவிட்டு எனக்குச் சொல்லுங்க, அப்புறம் உங்களுக்குக் கலரே கிடையாது."

"இதுலதான் அமோனியா இல்லையே?"

"அமோனியா இல்லேன்னா சாயம் இல்லேன்னு அர்த்தமா? டெஸ்ட் பண்ணாம நான் யார் தலையிலயும் கை வைக்க மாட்டேன்."

அந்தப் பெண் எழுந்து போகும்வரை சில்லறையக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பார்லர்காரியின் கையிலிருந்த பஞ்சுக்குச்சி கீழே விழுந்தது.

"ஐயோ! என்னடி இது?"

"எனக்கு ஏன்டி வச்சுப் பார்க்கல?"

பார்லர்காரி குனிந்து பஞ்சுக்குச்சியை எடுத்தாள்.

"எவளோ ஒருத்திக்குப் பார்க்கத் தெரியுது. எனக்குப் பார்க்கத் தெரியலையா?"

"உனக்கு வச்சா அரிக்கும்னு தெரியும்டி" என்றாள் பார்லர்காரி, தரையைப் பார்த்தபடி. "ரெண்டு தடவை அரிச்ச தலைக்கு டெஸ்ட் எதுக்கு? கலரே கூடாது. அன்னிக்கு உன் காதைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் அமோனியான்னு ஏன் சொன்ன?"

"லேசாத்தானே அரிச்சுது, சமாளிச்சுடலாம்னு நினைச்சேன். கலரை நிறுத்திட்டா நான் உன் வீட்டுக்கு எதுக்கு வர்றது? எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான்."

சில்லறையக்காவுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அழவும் வந்தது, வீங்கிய கண்ணில் உப்புப் பட்டு எரிந்தது. பெட்டிக்காரனுக்கு அவள் யாரோ. விற்க வேண்டும், இலையைப் போட்டான். இவளுக்கு அவள் யாரென்று தெரியும், அவள் வீட்டு அடுப்படி தெரியும், மூடி வைத்த கதைகள் அத்தனையும் தெரியும். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"சும்மா வந்திருக்கலாமேடி" என்றாள் சில்லறையக்கா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

அடுத்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அதே நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. புருஷன் திறந்தார். பார்லர்காரி நின்றிருந்தாள். கையில் பை இல்லை, கிண்ணம் இல்லை.

"சும்மாதான் வந்தேண்ணா. அவ இருக்காளா?"

கூடத்தில், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற நாற்காலியில்தான் சில்லறையக்கா உட்கார்ந்திருந்தாள். வகிட்டில் ஒரு விரல்கடை வெள்ளை. அவள் எழவுமில்லை, உள்ளே போய் மறையவுமில்லை. பார்லர்காரியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

"நான் வீட்டுல இல்லேன்னு சொல்லுங்க."